447

ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகின்றன. இன்னமும் அந்த மாணவி என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னது காதில் விழுகிறது: "சார், நான் கூட்டினால் 447 வருகிறது."

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. 40 பிள்ளைகள். ரேங்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை. பட்டியலில் அவளுக்கு 357, ரேங்க் 21. நான் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி, அவள் வரிசையைக் காட்டினேன். தமிழ் 92, ஆங்கிலம் 85, கணக்கு 90, அறிவியல் 91, சமூக அறிவியல் 89. ஐந்தும் சரியாக இருந்தன. மொத்தக் கட்டத்தில் `=SUM(C5:G5)`. "இது கம்ப்யூட்டர் கூட்டியது அம்மா, தப்பாது. நீ இன்னொரு முறை கூட்டிப் பார்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

ஐந்து எண்கள்தான். முப்பது வருடம் விடைத்தாளின் முகப்பில் மனக்கணக்காய்க் கூட்டிய எனக்கு அரை நிமிட வேலை. ஏன் கூட்டவில்லை? அன்று மாலைக்குள் மதிப்பெண் அட்டைகள் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அது காரணம்தான். ஆனால் அரை நிமிடத்துக்கு அது போதுமான காரணமா என்று கேட்டால் பதில் வரவில்லை.

தவறு வெளிப்பட்டது இன்னொரு மாணவனால். ஒரு வாரம் கழித்து அவனே வந்து, "சார், கணக்கில் எனக்கு ஏழு மார்க்தான். அட்டையில் தேர்ச்சி என்று போட்டிருக்கிறதே" என்றான். அவன் பேசாமல் இருந்திருந்தால் வீட்டில் அந்த அட்டையைக் காட்டிச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

அவனுடைய கணக்கு மதிப்பெண் கட்டத்தை அழுத்தினேன். கட்டத்துக்குள் 07. மேலே சூத்திரப் பட்டையில் `'07`. எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. அதைப் போட்டது நான்தான். மதிப்பெண் பதிவேட்டில் ஒற்றை இலக்கத்தை 07 என்று எழுதுவதே எங்கள் வழக்கம். யாரும் முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாதல்லவா. எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். குறியை முன்னால் தட்டினால் நிற்கும் என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். நிற்கும்தான். ஆனால் அப்போது அது எண்ணாக அல்ல, எழுத்தாக நிற்கிறது. SUM எழுத்தைக் கூட்டாமல் தாண்டிப்போகும். தேர்ச்சிக்காக நான் போட்டிருந்த MIN சூத்திரமும் அப்படியே தாண்டியதால், மற்ற நான்கில் 35க்கு மேல் வாங்கியிருந்த அந்தப் பையன் தேர்ச்சி பெற்றுவிட்டான். சூத்திரத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் + போட்டுக் கூட்டியிருந்தால், அதே எழுத்தை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கும், மொத்தமாவது பிழைத்திருக்கும்.

எழுத்து கட்டத்தின் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும். அதைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். அழகுக்காக எல்லாக் கட்டங்களையும் நடுவில் நிறுத்தியிருந்தேன். மூலையில் தெரியும் சிறு பச்சை முக்கோணத்தையும், சேர்க்கை எண் பத்தி முழுவதும் இருந்ததால், பொருட்படுத்தாமல் பழகியிருந்தேன். காலியான ஒரு கட்டத்தில் `=COUNT(E5:E44)` போட்டேன். 40 வர வேண்டிய இடத்தில் 34.

மிச்சம் ஆறில் ஐந்து பேர் பத்துக்குக் கீழே வாங்கியவர்கள். ஆறாவது, அந்த மாணவி. அவளுக்கு முதலில் 90ஐ 09 என்று மாற்றித் தட்டிவிட்டேன். விடைத்தாள் கொடுத்த அன்றே அவள் சுட்டிக்காட்ட, கட்டத்தை இருமுறை அழுத்தி, பூஜ்யத்தை ஒன்பதுக்குப் பின்னால் நகர்த்தினேன். குறி கண்ணில் பட்டது. பூஜ்யத்துக்காகப் போட்டதுதானே என்று விட்டுவிட்டேன். 81 மதிப்பெண் கூடியும் மொத்தம் அசையவில்லை, அதைப் பார்க்கவில்லை.

ஒரு கட்டத்தில் 1 என்று தட்டி, நகலெடுத்து, Paste Special வழியாகக் கணக்குப் பத்தி முழுவதையும் அதனால் பெருக்கினேன். எழுத்துகள் எண்களாயின. பூஜ்யம் தெரிய வேண்டுமென்றால் கட்டத்தின் வடிவமைப்பில் `00` என்று கொடுத்தால் போதும், குறியே தேவையில்லை. அவள் 21இலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தாள். அவளுக்கு மேலே ஏறியிருந்த 18 பேரும் ஒவ்வோர் இடம் இறங்கினார்கள். கடைசி ரேங்குகளும் புரண்டன.

ஆனால் மூன்றாம் பரிசான அகராதியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வேறொரு மாணவனுக்குக் கொடுத்து முடித்திருந்தோம். தலைமை ஆசிரியர், "கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டாம், பதிவேட்டைத் திருத்துங்கள்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். அட்டைகளைத் திருத்தினேன், அதே அகராதியை வாங்கி அவளிடம் தனியாகக் கொடுத்தேன். அந்த மாணவனை எல்லார் முன்னாலும் கூச வைக்காததில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அவன் என்ன பிழை செய்தான்? ஆனால் பரிசை வாங்காமலேயே, பிழை என்னுடையது என்று நான் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். அவள் பெயரையும் சொல்லியிருக்கலாம். அவனைக் காப்பாற்றினேனா, என்னையா என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

அகராதியைக் கொடுக்கும்போது, "நீ கூட்டியதுதான் சரி அம்மா, 447" என்றேன்.

"தெரியும் சார். வீட்டில் அப்பாவும் கூட்டிப் பார்த்தார்" என்றாள்.