பெயர் வரிசையை விட்டுக் கேள்வி வரிசைக்கு: இளஞ்சிறார் குற்றம் பற்றி இலக்கிய மீளாய்வு எழுதும் முறை

இளஞ்சிறார் குற்றம் பற்றிய இலக்கிய மீளாய்வின் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். பத்திக்கு ஓர் ஆசிரியர். "கிளூக் தம்பதியர் 1950இல் ஆய்வு செய்தனர்", "ஹிர்ஷி 1969இல் கூறினார்", "மோஃபிட் 1993இல் பிரித்துக் காட்டினார்" என்று பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். படித்தவர் நிறையப் படித்திருக்கிறார் என்பது தெரியும். ஆனால் இந்த ஆய்வாளர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் மோதுகிறார்கள், மோதலுக்கு என்ன காரணம் என்பது தெரியாது. நெறியாளர் "கருப்பொருள் வாரியாக மாற்றி எழுது" என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

மாற்றும்போது பலர் முதலில் செய்வது குடும்பம், நண்பர்கள், பள்ளி, வட்டாரம் என்று நான்கு தலைப்பு போட்டு, பழைய பத்திகளை வெட்டி அவற்றின் கீழ் ஒட்டுவது. இது போதாது. "நண்பர்கள்" என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அதன் கீழ் மறுபடியும் ஆசிரியர் பட்டியல்தான் வந்து உட்காரும். கருப்பொருள் என்பது ஆய்வாளர்களுக்கிடையே தீராமல் இருக்கும் கேள்வி. "கெட்ட சகவாசம் குற்றத்துக்கு இட்டுச் செல்கிறதா, அல்லது ஏற்கெனவே அந்தப் போக்கில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் அது கருப்பொருள். தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடமுள்ள மூலங்களில் குறைந்தது இரண்டு வெவ்வேறு விடைகள் இல்லையென்றால், அது இன்னும் வெறும் தலைப்புதான்.

வேலையை அட்டவணையிலிருந்து தொடங்குவது நல்லது. எக்செல் போதும், பெரிய தாளும் போதும். கிடைவரிசைக்கு ஒரு மூலம். முதல் சில நெடுவரிசைகளில் ஆய்வின் உடற்கூறு: ஆண்டு, இடம், எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, குற்றத்தை எப்படி அளந்தார்கள், ஒருமுறை கேட்டார்களா அல்லது பல ஆண்டுகள் தொடர்ந்தார்களா. அதன் பிறகு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மூலம் அந்தக் கேள்விக்குச் சொல்லும் விடையை உங்கள் சொந்த வாக்கியத்தில், பக்க எண்ணோடு, ஒரே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். சுருக்கத்தையோ மேற்கோளையோ அப்படியே நகலெடுத்தால் பிற்பாடு எழுதும்போது அது மறுபடி ஆசிரியரின் குரலாகவே வந்து நிற்கும்.

முதுகலை ஆய்வேட்டுக்கு முப்பது, நாற்பது மூலங்கள் என்றால் நான்கைந்து கேள்விகள் தாங்கும். ஒரு கேள்வியின் நெடுவரிசையில் இரண்டு கட்டம்தான் நிரம்பியிருக்கிறது என்றால் அதை வேறொன்றோடு சேர்க்கலாம். பதினைந்துக்கு மேல் நிரம்பினால் உள்ளே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். ஒரே மூலம் இரண்டு மூன்று நெடுவரிசைகளில் வரும், வர வேண்டும். ஆசிரியர் வாரியாக எழுதிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். "ஹிர்ஷியைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே" என்று தோன்றும். ஒரு நூலை முழுமையாக அறிமுகப்படுத்துவது மீளாய்வின் வேலையல்ல. அந்த இடத்துக்குத் தேவையான அதன் ஒரு முடிவு மட்டும் வந்தால் போதும்.

அட்டவணையை நிரப்பும்போது கிடைவரிசையாக, அதாவது நூல் நூலாகப் போவோம். எழுதும்போது நெடுவரிசை வழியே மேலிருந்து கீழே படிக்க வேண்டும். சகவாசம் பற்றிய கேள்வியை எடுத்துக்கொண்டு அப்படிப் படித்துப் பார்ப்போம்.

சதர்லாண்டின் கோட்பாடு 1947இல் இறுதி வடிவம் பெற்றது. குற்றம் நெருங்கிய குழுக்களுக்குள் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது அதன் மையம். கிளூக் தம்பதியர் பாஸ்டனில் 500 குற்றச் சிறுவர்களை, வயது, இனப் பின்னணி, அறிவுத்திறன், வசிக்கும் வட்டாரம் ஆகியவற்றில் இணையான 500 மற்றச் சிறுவர்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களுடைய வாதம் நேரெதிர்: ஒழுங்கு மீறும் போக்கு முதலில் வருகிறது, கூட்டு பிறகு சேர்கிறது. ஹிர்ஷி கலிஃபோர்னியாவில் மாணவர்களிடம், செய்ததை அவர்களே சொல்லும் தன்னறிக்கை முறையில் தகவல் வாங்கினார். பெற்றோர், பள்ளியோடு பிணைப்பு தளர்ந்தவர்களே வழி தவறுகிறார்கள் என்பது அவர் கருத்து. ஆனால் குற்றம் செய்யும் நண்பர்களின் பங்கைத் தன் கோட்பாடு குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்று அதே நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1987இல் தார்ன்பெரி இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்றார். சகவாசம் நடத்தையை மாற்றுகிறது, மாறிய நடத்தை புதிய சகவாசத்தைக் கொண்டுவருகிறது.

இதுவரை எழுதினால் வாதம் மட்டும்தான் வந்திருக்கிறது. ஏன் மாறுபடுகிறார்கள் என்பது இன்னும் வரவில்லை. அதற்கு அட்டவணையின் "எப்படி அளந்தார்கள்" நெடுவரிசைக்குத் திரும்ப வேண்டும். நண்பர்களின் நடத்தையைப் பழைய ஆய்வுகள் பல அந்தச் சிறுவரிடமே கேட்டன. ஹிர்ஷி கேட்ட ஒரு கேள்வி, "உன் நெருங்கிய நண்பர்களில் எத்தனை பேரைப் போலீஸ் பிடித்திருக்கிறது?" என்பது போன்றது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மனிதர்கள் தங்கள் நடத்தையையே நண்பர்கள் மீதும் ஏற்றிப் பார்ப்பார்கள். வீர்மனும் ஸ்மீங்கும் 2005இல் இரண்டு அளவு முறைகளையும் ஒப்பிட்டார்கள். நண்பர்களிடமே நேராகக் கேட்டபோது, சிறுவரின் நடத்தைக்கும் நண்பர்களின் நடத்தைக்கும் உள்ள ஒற்றுமை, சிறுவரிடமே கேட்டபோது தெரிந்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே பழைய ஆய்வுகள் காட்டும் வலுவான தொடர்பில் ஒரு பகுதி அளவு முறையின் விளைவு. கருப்பொருள் வாரியாக எழுதுவதன் முழுப் பயன் இப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தில்தான் கிடைக்கிறது. ஆசிரியர் வாரிப் பட்டியலில் இது எழுதவே வராது.

இப்போது அந்தப் பத்தி ஆய்வேட்டில் எப்படி நிற்கும்? மாதிரிக்கு:

"குற்றம் செய்யும் நண்பர்களோடு பழகுவதும் தானே குற்றம் செய்வதும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எது முந்தியது என்பதில்தான் வேறுபாடு. சகவாசமே கற்பிக்கிறது என்பது ஒரு நிலைப்பாடு (சதர்லாண்ட், 1947). நடத்தையே கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கிறது என்பது மற்றொன்று (கிளூக், கிளூக், 1950). இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்ற விளக்கம் (தார்ன்பெரி, 1987) இவற்றை இணைத்தாலும், அதைச் சோதிக்க ஒரே நபர்களைப் பலமுறை அளந்த தரவு வேண்டும். மேலும் நண்பர்களின் நடத்தையைப் பதில் சொல்பவரின் கணிப்பிலிருந்து எடுத்த ஆய்வுகள் தொடர்பை மிகைப்படுத்துகின்றன (வீர்மன், ஸ்மீங்க், 2005)."

முதல் வாக்கியம் உடன்பாட்டைச் சொல்கிறது, இரண்டாவது பிளவைச் சொல்கிறது. பெயர்கள் அடைப்புக்குறிக்குள் போய்விட்டன. கடைசி இரண்டு வாக்கியங்கள் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுகின்றன. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். வாக்கியங்களின் முதல் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்பெயராக இருந்தால் அந்தப் பகுதி இன்னும் பழைய அச்சிலேயே இருக்கிறது.

இந்தத் துறைக்கே உரிய இரண்டு பள்ளங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஒரே தரவை இரண்டு சாட்சியாக எண்ணுவது. சாம்ப்சனும் லாபும் 1993இல் வெளியிட்ட ஆய்வு கிளூக் தம்பதியரின் அதே பாஸ்டன் கோப்புகளை மறுபடி எடுத்துப் பகுத்தது. "குடும்பக் கண்காணிப்பு முக்கியம் என்பதைக் கிளூக் தம்பதியரும், பின்னர் சாம்ப்சனும் லாபும் தனித்தனியே நிறுவினர்" என்று எழுதினால் அது தவறு. அதே சிறுவர்கள்தான் இரண்டு முறையும் பேசுகிறார்கள். நெடுங்காலத் தொடர் ஆய்வுகளில் இது அடிக்கடி நேரும். லண்டனின் தென்பகுதியில் 1961இல் 411 சிறுவர்களோடு தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்விலிருந்து பல பத்தாண்டுகளாகக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஐந்தை எடுத்து ஐந்து சான்று என்று கணக்குக் காட்டக் கூடாது. தரவு எங்கிருந்து வந்தது என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை வைத்தால் எழுதும் முன்பே இது கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது, ஒரே ஆசிரியர் நிலைப்பாடு மாறுவது. 1969இன் ஹிர்ஷிக்குக் குற்றத்தைத் தடுப்பது சமூகத்தோடு உள்ள பிணைப்பு. 1990இல் காட்ஃப்ரெட்சனோடு சேர்ந்து எழுதியபோது சிறுவயதிலேயே வீட்டு வளர்ப்பில் உருவாகி நிலைத்துவிடும் தற்கட்டுப்பாடுதான் மையம். முன்னது உண்மையானால் பதினைந்து வயதில் பள்ளியோடு பிணைப்பு கூடும்போது நடத்தை மாறலாம். பின்னது உண்மையானால் அப்படி மாறுவதற்கு இடம் குறைவு. "ஹிர்ஷி" என்று ஒரு தலைப்புப் போட்டால் இந்த முரண் மறைந்துவிடும். "குற்றப் போக்கு நிலையானதா, மாறக்கூடியதா?" என்று கேள்வி வைத்தால் இரண்டு ஹிர்ஷிகளும் எதிரெதிர் பக்கத்தில் நிற்பார்கள். வளரிளம் பருவத்தோடு நின்றுவிடுபவர்கள், வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் என்று மோஃபிட் பிரித்ததும் அதே கேள்விக்கு இன்னொரு விடையாக அங்கேயே வந்து சேரும்.

கேள்விகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. அளவு முறை பற்றிய பகுதி முதலில் வரட்டும். போலீஸ் பதிவு, நீதிமன்றப் பதிவு, தன்னறிக்கை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு எண்ணிக்கையைத் தரும். அதைச் சொல்லாமல் எந்த இரண்டு ஆய்வையும் ஒப்பிட முடியாது. இளஞ்சிறார் சட்டங்களின் வரலாறு மட்டும் கால வரிசையில் இருப்பதே நல்லது. அதைக் கருப்பொருளாக உடைக்க முயன்றால் படிப்பவர் திணறிப்போவார்.

கடைசியாக அட்டவணையில் வெறுமையாக இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். ஆய்வு இடைவெளி என்று எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது. "ஆண், பெண்" என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். கிளூக் தம்பதியரின் 500க்கு 500 அத்தனையும் சிறுவர்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வின் 411 பேரும் அப்படியே. 1945இல் பிறந்த 9,945 பேரை வைத்து, சுமார் 6 சதவீதத்தினரே பாதிக்கு மேற்பட்ட குற்றங்களுக்குக் காரணம் என்று வுல்ஃப்காங் குழுவினர் 1972இல் காட்டிய ஃபிலடெல்ஃபியா ஆய்வும் சிறுவர்கள் மட்டும்தான். ஹிர்ஷி தன் பகுப்பாய்வில் சிறுமியரை ஒதுக்கிவைத்தார். "பெண்கள் பற்றிய ஆய்வு குறைவு" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இந்தக் கேள்விக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் ஆய்வுகளில் இன்னின்னவை சிறுவர்களை மட்டுமே அளந்தன. ஆகவே சகவாசம் முந்தியதா, நடத்தை முந்தியதா என்ற முடிவைச் சிறுமியருக்கு அப்படியே நீட்ட முடியாது" என்று எழுதுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வியை அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே வைக்கலாம்.