இனி பில் மெயிலில், பணம் பேங்க்கில்: ஒரு கடிதம் இழுத்த இழுவை

திருப்பூரில் அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிறோம். ஏப்ரல் 1 முதல் பில் மெயிலில்தான் வரும், ரொக்கமும் செக்கும் வேண்டாம், பேங்க் டிரான்ஸ்பர் மட்டும் போதும் என்று அறுபது வாடிக்கையாளர்களுக்கும் மார்ச்சிலேயே எழுதிவிட்டேன். கடிதம் எழுத அரை மணி நேரம். அதைச் சரிசெய்ய ஒரு மாதம்.

முதல் கோளாறு என்னுடையது. ஐஎஃப்எஸ்சி கோடில் ஐந்தாவது இடத்தில் வருவது எப்போதும் பூஜ்யம். கடிதத்தில் நான் ஆங்கில ‘ஓ’ அடித்திருந்தேன். கோடு தவறு என்று வாடிக்கையாளர்களின் பேங்க் ஆப்பே நிறுத்திவிட்டதால் பணம் எங்கும் போகவில்லை. கணக்கு எண்ணில் பிசகியிருந்தால் கதையே வேறு. கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் பேங்க் வரவு வைக்கும். பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடலாம். அதனால் எண்ணைக் கையால் அடிக்காதீர்கள், பாஸ்புக்கிலிருந்து ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

நான் உடனே திருத்திய கடிதம் அனுப்பினேன். அதுதான் பெரிய தப்பு. ஒரே வாரத்தில் பேங்க் விவரம் இரண்டு முறை வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மோசடிக்காரர்கள் அனுப்பும் மெயிலும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில், “ஏனுங்க தம்பி, இது நீங்க அனுப்புனதுதானா, இல்ல உங்க பேர்ல வேற யாராவதா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதுதான் சரி.

கடைசியில் லெட்டர்பேடில் அச்சடித்து, சீல் போட்டு, கேன்சல் செய்த செக் ஒன்றையும் இணைத்துப் பெரிய வாடிக்கையாளர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘இந்தக் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், அப்படி மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்’ என்ற வரியையும் சேர்த்தேன். முதல் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டிய வரி.

நடுவில் இன்னொரு கூத்து. பேப்பர் பில்லையே ஒழித்துவிட்ட உற்சாகத்தில் வண்டியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். வழியில் சோதனையில் நிறுத்தி பில் கேட்டார்கள். டிரைவரிடம் ஒன்றுமில்லை, பிரிண்ட் எடுத்துக்கொண்டு பைக்கில் ஓடினேன். வாடிக்கையாளருக்கு மெயில் போகட்டும், சரக்கோடு போகும் பிரதியை நிறுத்தாதீர்கள்.

பணம் வர ஆரம்பித்த பிறகு, யார் கட்டியது என்பது அடுத்த தலைவலி. ஒரு நாள் 23,600 ரூபாய் வந்தது, அனுப்பியவர் பெயர் எங்கள் லிஸ்டிலேயே இல்லை. இரண்டு நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்ததில், ஒரு முதலாளி தன் மனைவியின் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தார். இப்போது ‘குறிப்பில் பில் எண் போடவும், அனுப்பியதும் யூடிஆர் எண்ணை வாட்ஸ்அப் செய்யவும்’ என்று ஒவ்வொரு பில்லின் அடியிலும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

அந்தப் பழைய வாடிக்கையாளர் முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார். “வந்துருச்சுங்களா?” என்று கேட்டு, வந்துவிட்டது என்ற பிறகுதான் பாக்கியை அனுப்பினார். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நானே அப்படிச் செய்யச் சொல்கிறேன்.