சீர்காழிக்காரிக்கு சிங்கப்பூர்ல நடந்த கொலு பரீட்சை

"இது கிருஷ்ணன் இல்லம்மா. சம்பந்தர்லா."

நவராத்திரி ரெண்டாம் நாள் சாயங்காலம், செங்காங்ல எங்க வீட்டு ஹால்ல, சுண்டல் கிண்ணத்த கையில வச்சிக்கிட்டு நாலாவது மாடி ஆன்ட்டி சொன்ன வார்த்தை இது. எனக்கு காது சூடாயிடுச்சு. ஏன்னா நான் சீர்காழிக்காரி. சம்பந்தர் பொறந்த ஊரு. அந்த புள்ளைய மேல் படியில கலசத்துக்கு பக்கத்துல வச்சு, தலையில துக்கிளியூண்டு மயில்பீலி ஒண்ண ஒட்டி, "எங்க வீட்டு குட்டி கிருஷ்ணன்"னு வந்தவங்ககிட்டல்லாம் ரெண்டு நாளா பெருமை பேசிட்டு இருந்திருக்கேன்.

அதுலயும் ஆன்ட்டி இங்கயே பொறந்து வளந்தவங்க. எழுபது தாண்டிடுச்சு. உண்மைய சொல்லிடறேன், அவங்க உள்ள வந்தப்ப இவங்களுக்கு கொலுன்னா என்னன்னு நாமதான் விளக்கணும்னு மனசுக்குள்ள ஒரு மிதப்பு இருந்துச்சு எனக்கு. ஊர்லேருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு, எம்ஆர்டில எந்த கதவுல ஏறுனா எஸ்கலேட்டர் பக்கத்துல இறங்கலாம்னு தெரியும், கோப்பி-ஓ கொசோங்னு தடுமாறாம ஆர்டர் பண்ணுவேன், செட்டில் ஆயிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ஆனா ஊர் விஷயம்னு வந்தா மட்டும் நான்தான் ஒரிஜினல்னு நெனப்பு.

கதைய கொஞ்சம் பின்னாடிலேருந்து சொல்லணும். போன வருஷம் ஊர்ல வீட்ட வித்தோம். அம்மாவோட பொம்மைங்க ரெண்டு மரப்பெட்டி நெறைய இருந்துச்சு. பெயிண்ட்லாம் உரிஞ்சிருக்குன்னு தம்பி யாரோ ஒருத்தர கூப்ட்டு எல்லாத்துக்கும் புதுசா வர்ணம் அடிச்சு வச்சிருந்தான். அதுல இருபத்தாறு பொம்மைய தேர்ந்தெடுத்து, வேட்டியிலயும் பொண்ணோட ஃப்ராக்லயும் சுத்தி கேபின் பேக்ல வச்சு, சீட்டுக்கு மேல வைக்க விடாம காலடியிலயே வச்சிட்டு வந்தேன். அப்படியும் சேதாரம். தசாவதாரம் செட்டுல ராமரோட வில்லு காணும், பலராமரோட கலப்பை காணும், பரசுராமரோட கோடாலி பாதியில ஒடஞ்சிருக்கு.

அத நான் சரி பண்ண விதத்த கேளுங்க, அதுலதான் எனக்கு திமிர் ஏறுச்சு. மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் நாலும் மூஞ்சியும் ஒடம்புமே சொல்லிடும். வாமனனுக்கு குடை. கல்கிக்கு குதிரை. கிருஷ்ணருக்கு புல்லாங்குழல். பாக்கி நிக்கறது மூணு ராமர், பரசுராமர், ராமர், பலராமர், வரிசையிலயும் ஆறு ஏழு எட்டுன்னு பக்கத்து பக்கத்துல வர்ற ஆளுங்க, மூணு பேரும் நின்ன கோலம், ரெண்டே கை. கையில உள்ளது போயிட்டா யார் யாருன்னே தெரியாது. பரசுராமருக்கு ஜடாமுடியும் தாடியும் இருந்துச்சு, ஒதுக்கிட்டேன். மிச்சம் ரெண்டுல ஒருத்தருக்கு இடது கை தோள் உயரத்துக்கு தூக்கி, மூடுன முஷ்டி, முஷ்டிக்குள்ள மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு ஓட்டை. அது வில்லு நிக்கற ஓட்டை. வலது கை கீழ இறங்கி அம்பு புடிக்கற மாதிரி விரல் மடங்கியிருக்கு. அப்ப இவர்தான் ராமர், இன்னொருத்தர் பலராமர். பொண்ணு சாத்தே குச்சிய வளைக்க பாத்தா, அது ஒடஞ்சிட்டே இருந்துச்சு, தண்ணில ஊற வச்சு, நூல கட்டி ஒரு வழியா வில்லு ரெடி. அன்னிக்கு நைட்டு எனக்கு நானே ஒரு டீ போட்டு குடிச்சேன்.

அவ்வளவு நுணுக்கமா கைய பாத்தவ, குட்டி பொம்மை விஷயத்துல மட்டும் நெறத்த பாத்துட்டேன். தம்பி புண்ணியத்துல அது நல்லா பளீர்னு நீலமா இருந்துச்சா, சின்ன புள்ள, அரைஞாண், கொலுசு, இடது கையில ஒரு கிண்ணம். நீலம், கிண்ணம், புள்ள. வெண்ணெய்தானே? கிருஷ்ணன்தானே?

ஆன்ட்டிகிட்ட நான் லேசுல விடல. "வலது கை விரல் மேல தூக்கி இருக்கே ஆன்ட்டி, கோவர்த்தன மலைய தூக்குற கோலமா இருக்கும், மலை ஒடஞ்சி போயிருக்கும்"னேன். அவங்க சுண்டல கீழ வச்சிட்டு தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க. மலை தூக்குற கிருஷ்ணன் பொம்மையில பெரும்பாலும் இடது கைதான் ஒசரும், சுண்டு விரல்ல மலை நிக்கும், கீழ மாடும் கோபாலனுங்களும் இருப்பாங்க. இங்க தூக்கியிருக்கறது வலது கை, அதுவும் ஆள்காட்டி விரல். நுனிய தடவி பாருன்னாங்க. தடவுனேன். வழவழன்னு முழுசா இருந்துச்சு, எதுவும் ஒடஞ்ச அடையாளமே இல்ல. அந்த விரல் எதையும் தாங்கல, எதையோ காட்டுது. வெண்ணெய் கிருஷ்ணன்னா உள்ளங்கை விரிஞ்சு அதுல உருண்டை இருக்கும். ஆடற கிருஷ்ணன்னா ஒரு கால் தூக்கியிருக்கும், இடது கை பக்கவாட்டுல நீண்டிருக்கும். ஆடற சம்பந்தரும் உண்டாம், ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குமாம், அப்பவும் சம்பந்தர புடிச்சு குடுக்கறது அந்த ஒத்த விரல்தான். "கலர நம்பாதம்மா, கலர் யாரு வேணா அடிக்கலாம். கைய பாரு"ன்னாங்க. சின்ன வயசுல தேவாரம் கிளாஸ் போனாங்களாம். நான் போகல. எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல நடந்துச்சு, நான் போகல.

அந்த கதைய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அதான் கொடுமையே. அப்பா குளத்துல முங்கி குளிக்கறார், கரையில மூணு வயசு புள்ள அழுவுது, அம்பாள் பொற்கிண்ணத்துல பால் குடுக்கறா. அப்பா ஏறி வந்து பாத்தா வாயில பால் வழியுது, யார் குடுத்தான்னு கோல ஓங்கி மிரட்டறார், புள்ள விரல தூக்கி அதோன்னு காட்டி "தோடுடைய செவியன்"னு பாட ஆரம்பிக்குது. கிண்ணமும் விரலும்தான் மொத்த கதையும். சித்திரையில எங்க கோயில்ல திருமுலைப்பால் உற்சவம் நடக்கும், அம்மா என்ன இடுப்புல தூக்கிட்டு குளத்தங்கரை கூட்டத்துல நிப்பா, வெயில் மண்டைய பொளக்கும், பாசி வாடையும் பால் வாடையும் கலந்து வரும். அப்ப அம்மாவும் விரல நீட்டி "அதோ பாரு, அதோ பாரு"ன்னுதான் சொல்லிட்டு இருப்பா, எனக்கு முன்னாடி நிக்கறவர் முதுகுதான் தெரியும்.

அப்புறம் எடப்பிரச்சனை. இவர் தெய்வம் இல்ல, அடியார், கலசம் இருக்கற படியில வைக்கக்கூடாதுன்னாங்க ஆன்ட்டி. ஊர்ல அம்மா ஒம்பது படி கட்டுவா. மேல கலசமும் மரப்பாச்சி ஜோடியும் தெய்வங்களும், அதுக்கு கீழ அவதாரம், அதுக்கும் கீழ நடுவுல அடியாருங்களுக்குன்னு தனி படி, அப்புறம் கல்யாணம் ஊர்வலம், அடியில செட்டியார் கடை. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், ஆனா மேலேருந்து கீழ வர வர சாமி, அடியார், மனுஷன்ங்கற ஓட்டம் மாறாது. படி எண்ணிக்கையும் ஒத்தப்படையாத்தான் இருக்கணும். இங்க டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல அஞ்சு படி கட்டுனா பால்கனி கதவு தொறக்காது. அதனால துணி வைக்கற பிளாஸ்டிக் டப்பாவ அடுக்கி, பலகை போட்டு, மேல வேட்டி விரிச்சு மூணே படி. மேல சாமி, நடுவுல தசாவதாரம், கீழ செட்டியார். படிய கொறச்சப்ப அடியாருங்க படி காணாம போயிடுச்சு. படி இல்லாத புள்ள எங்க போவும், கெடைச்ச எடத்துல ஏறி நின்னுடுச்சு.

ஆனா கலசம் வச்ச பிறகு பொம்மைய நகத்தக்கூடாதேன்னு அம்மா சொல்லுவாளேன்னேன். "அது உன் வீட்டு வழக்கம்மா, நீ முடிவு பண்ணு"ன்னு சொல்லிட்டு, வெத்தலை பாக்க வாங்கிட்டு, சுண்டல்ல உப்பு கொஞ்சம் கம்மின்னும் சொல்லிட்டு (கம்மிதான்) லிஃப்ட்டுக்கு போயிட்டாங்க.

நைட்டு தம்பிக்கு போன் போட்டேன். ஏன்டா நீலம் அடிக்க சொன்னேன்னா, அவன் எதுவும் சொல்லலையாம், பெயிண்டர்தான் ராமருக்கு கலக்குன நீலம் மிஞ்சுச்சுன்னு அடிச்சாராம். முன்னாடி மஞ்சளா இருந்துச்சுக்கான்னான். அப்புறம் பழைய கொலு போட்டோ ஒண்ண வாட்ஸ்அப்ல அனுப்புனான், நான் எட்டாவது படிக்கறப்ப எடுத்தது. ஜூம் பண்ணேன். அஞ்சாவது படியில மஞ்சளா அந்த புள்ள, விரல தூக்கிட்டு. பக்கத்துல ஒரு மொட்டை தாத்தா. கழுத்துல ருத்ராட்சம், ரெண்டு கையும் கூப்பியிருக்கார், இடது தோள்ல சாஞ்ச மாதிரி ஒரு நீள கம்பு, நுனியில தட்டையா ஒரு தகடு.

எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சு. ஏன்னா அந்த மொட்டை தாத்தாவும் இங்கதான் இருக்கார். கீழ் படியில, செட்டியார் கடைக்கு முன்னாடி. மொட்டை, வேட்டி, கும்பிட்ட கை. அரிசி பருப்பு மூட்டைக்கு எதிர்ல அவர நிக்க வச்சு, "தாத்தா செட்டியார்கிட்ட கடன் கேக்கறார்"னு பொண்ணுகிட்ட கதை வேற சொல்லியிருந்தேன், அவளும் பள்ளிக்கூடத்து ஃப்ரெண்ட்ஸ் வந்தப்ப அதையே சொல்லி சிரிக்க வச்சா.

எடுத்து லைட்டுல பாத்தேன். இடது தோள்ல ஒரு கோடு மாதிரி பெயர்ந்திருக்கு, அது மேல புது பெயிண்ட் அடிச்சதால கண்ணுக்கு தெரியல, நகத்துல தட்டுப்படுது. காலடி பீடத்துலயும் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை. கம்பு நின்ன ஓட்டை. உழவாரம். கோயில் பிரகாரத்துல புல்லு செதுக்கற கருவி, அத தோள்ல சாச்சிட்டு கை கூப்புனா அது அப்பரே தவிர வேற யாரு? கையில எதுவும் புடிக்கல, அதனாலதான் கைய மட்டும் பாத்தவளுக்கு தெரியல. தோளையும் பாக்கணும்னு ஆன்ட்டி சொல்லாம போயிட்டாங்க.

அம்மா மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு ரெண்டு பேரையும் எடுத்தேன். மயில்பீலி பிசின் போட்டு ஒட்டுனது, வர மாட்டேன்னுச்சு, வெந்நீர்ல பஞ்ச நனைச்சு எடுக்கறதுக்குள்ள தலையில கொஞ்சம் நீலம் போயி அடியில பழைய மஞ்சள் தெரிஞ்சுது. மிச்சம் இருந்த சாத்தே குச்சியில பால் பாக்கெட் அட்டைய முக்கோணமா வெட்டி ஒட்டி தாத்தா தோள்ல சாத்துனேன். நடு படியில கல்கியோட குதிரைய கொஞ்சம் தள்ளி எடம் பண்ணி ரெண்டு பேரையும் பக்கத்து பக்கத்துல நிறுத்தினேன்.

காலையில எழுந்து வந்த பொண்ணு செட்டியார் கடை காலியா இருக்கறத பாத்துட்டு, "அந்த தாத்தா கடன் கட்டிட்டாராம்மா?"ன்னா.