முரண்பாடு என்ற போர்வைக்குள் ஒரு நேரான நிரூபணம்

n ஒரு முழு எண். n² இரட்டை என்றால் n-உம் இரட்டை என்று நிரூபிக்க வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் மனப்பாடமாகவே ஆகிவிடும்.

நேராகத் தொடங்குபவர் n² = 2k என்று எழுதுவார். அடுத்த வரியில் n = √(2k) என்று வர்க்கமூலம் போடுவார். அங்கேயே நின்றுவிடுவார், ஏனென்றால் √(2k) இரட்டையா ஒற்றையா என்பதை அந்த வடிவம் சொல்லாது. வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்குவது கடினம். எண்ணிலிருந்து வர்க்கத்துக்கு ஏறுவது ஒரு பெருக்கல், அவ்வளவுதான். கான்ட்ராபாசிட்டிவ் இந்த ஏறுவழியைத்தான் திறந்துவிடுகிறது. "P என்றால் Q" என்பதற்குப் பதிலாக "Q இல்லை என்றால் P இல்லை" என்று காட்டலாம். இரண்டும் தர்க்கத்தில் ஒன்றே. ஆகவே இங்கே காட்ட வேண்டியது, n ஒற்றை என்றால் n² ஒற்றை என்பதுதான்.

```
n = 2k + 1
n² = 4k² + 4k + 1 = 2(2k² + 2k) + 1
```

2k² + 2k ஒரு முழு எண் என்பதால் n² ஒற்றை. வேலை முடிந்தது.

ஆனால் பெரும்பாலும் தாளில் வருவது வேறு மாதிரி இருக்கும். "n² இரட்டை, ஆனால் n ஒற்றை என்று கொள்வோம்" என்று தொடங்கும். நடுவில் மேலே உள்ள அதே இரண்டு வரிகள். கடைசியில் "ஆகவே n² ஒற்றை, இது நம் கருதுகோளுக்கு முரண்" என்று முடியும். தப்பில்லை, முழு மதிப்பெண் உண்டு. இருந்தாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். "n² இரட்டை" என்ற கருதுகோளை நடுவில் எங்காவது பயன்படுத்தினீர்களா? இல்லை. கடைசி வரியில் மோதுவதற்காக மட்டும் அது வாசலில் காத்திருந்தது. அதை அடித்துவிட்டு, முரண்பாட்டைச் சொல்லும் வரியையும் அடித்தால், மிஞ்சுவது சுத்தமான கான்ட்ராபாசிட்டிவ் நிரூபணம்.

வெறும் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. கையில் தேவையில்லாத ஒரு கருதுகோள் இருந்தால் அதைப் பயன்படுத்தத் தோன்றும். n² = 2k என்றும் n = 2k + 1 என்றும் ஒரே k-ஐ இரண்டு இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். உடனே 4k² + 4k + 1 = 2k, அதாவது 4k² + 2k + 1 = 0. இதற்கு மெய்த் தீர்வே கிடையாது. "முரண்பாடு வந்துவிட்டது!" என்று கட்டம் போட்டு முடிக்கிறார்கள். வந்தது உண்மையான முரண்பாடு அல்ல. இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே பெயர் வைத்ததால் வந்த குளறுபடி. முரண்பாட்டு வழியின் ஆபத்தே இதுதான்: கணக்கில் செய்யும் பிழையும் அபத்தத்தில்தான் கொண்டுபோய் விடும், நாம் தேடுவதும் அபத்தத்தைத்தான். கான்ட்ராபாசிட்டிவில் போய்ச்சேர வேண்டிய இடம் முன்பே தெரியும், 2 × (முழு எண்) + 1. வேறெங்கோ போய் நின்றால் பிழை உடனே தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த நடுவரிகள் ஒற்றை எண்களைப் பற்றிய உண்மைகள். வெளியே எடுத்துப் பயன்படுத்தலாம். n² = 4k(k + 1) + 1 என்று எழுதினால், k, k + 1 இரண்டில் ஒன்று இரட்டை என்பதால், ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது இலவசமாகக் கிடைக்கிறது. முரண்பாட்டு நிரூபணத்தில், பொய்யான அனுமானத்தை நம்பி எழுதிய வரி எதையும் இப்படி வெளியே கொண்டுபோக முடியாது.

அப்படியானால் முரண்பாட்டு வழி எங்கே தேவை? √2 விகிதமுறா எண் என்பதில். அங்கே திருப்பிப் போட "என்றால்" எதுவும் இல்லை. √2 = a/b, பொதுக்காரணி இல்லை என்று கொண்டால் a² = 2b². நம் கூற்றின்படி a இரட்டை; a = 2c என்றால் b² = 2c², அதனால் b-உம் இரட்டை. இரண்டுக்கும் 2 பொதுக்காரணி ஆகிவிட்டது. இங்கே அனுமானத்தின் ஒவ்வொரு பகுதியும் வேலை செய்கிறது, அடித்துவிட எதுவும் இல்லை.

இதையே √3-க்குச் செய்யும்போது மறுப்பில்தான் வழுக்குகிறார்கள். "3-இன் மடங்கு அல்ல" என்பதை 3k + 1 என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். 3k + 2-உம் உண்டு. அதன் வர்க்கம் 9k² + 12k + 4, மீதி 1, தப்பித்தோம். "n² 4-இன் மடங்கு என்றால் n-உம் 4-இன் மடங்கு" என்று 4-க்கு வந்தால் தப்ப முடியாது. 4k + 2-இன் வர்க்கம் 16k² + 16k + 4, அது 4-ஆல் வகுபடும். n² = 36 என்றால் n = 6. அந்த ஒரு வகையை விட்டுவிட்டு 4k + 1, 4k + 3 இரண்டை மட்டும் சோதித்தவர், பொய்யான ஒரு கூற்றை நிரூபித்துவிட்டதாக நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.