பொருக்குக்கு அடியில்தான் புண்: மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 28

மழை பிடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக வருவது காலில் புண் உள்ள பிள்ளைகள்தான். இன்று வந்த ஆறு வயதுப் பையனுக்கு இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் கொசுக்கடித் தழும்புகள். அவற்றில் ஐந்து புண்ணாகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் வெல்லப்பாகு வழிந்து காய்ந்ததுபோல மஞ்சள் பொருக்கு. ஓரத்தில் லேசான சிவப்பு. வலது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, நன்றாக ஓடி விளையாடுகிறான். முதல் புண் வந்து ஒரு வாரம் ஆகிறது என்றார் அம்மா.

"கொசு கடிச்சதுதானே சிஸ்டர், அது எப்படிச் சீழ் வைக்குது?" என்று கேட்டார். கொசு இந்தக் கிருமியைக் கொண்டுவருவதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கினுள் தொந்தரவில்லாமல் குடியிருக்கிறது. பிள்ளை மூக்கை நோண்டுகிறான், அதே விரலால் கடித்த இடத்தைச் சொறிகிறான். நகம் தோலைக் கீறியதும் கிருமி உள்ளே இறங்குகிறது. சில புண்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மருத்துவப் பெயர் இம்பெடிகோ. கசியும் நீர் காய்ந்துதான் பொருக்காகிறது. அந்த நீர் பட்ட நகம் அடுத்த கடியைச் சொறியும்போது அங்கே இன்னொரு புண் தொடங்குகிறது.

புண்கள் சிலவாக இருந்து, பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லையென்றால் பூசும் மருந்தே போதும். நிறைய இடங்களில் பரவியிருந்தாலும், பெரிய நீர்க்கொப்புளங்கள் இருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், புண் ஆழமாக இறங்கியிருந்தாலும் வாய்வழி மருந்து வேண்டும். இவனுக்கு 2 சதவீத முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை டாக்டர் எழுதியிருக்கிறார். நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள்.

அக்டோபர் 29

களிம்பு கொடுத்தும் ஆறவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் பொருக்கின் மேலேயே பூசியிருப்பார்கள். கிருமி இருப்பது பொருக்குக்கு அடியில். மேலே பூசிய மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால் பையனின் அம்மாவிடம் ஒரு புண்ணைச் செய்து காட்டி, அடுத்ததை அவர் கையாலேயே செய்யச் சொன்னோம்.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய தண்ணீர் ஒரு கிண்ணம். துவைத்துக் கொதிநீரில் போட்டெடுத்த பழைய வேட்டித் துணியைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளலாம். ஒரு துண்டை நனைத்துப் புண்ணின் மேல் போட்டு, காயக் காய நனைத்துப் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். பொருக்கு ஊறிக் குழைந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த வேறொரு துண்டால் மெல்லத் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். வராததை நகத்தால் பெயர்க்கக் கூடாது. இரத்தம் வந்தால் அடியில் புதிதாக வளர்ந்த தோலும் கிழிந்துவிட்டது என்று அர்த்தம், அதன் மேல் இன்னும் தடித்த பொருக்கு கட்டும். மிச்சத்தை அடுத்த வேளை ஊறவைத்துக்கொள்ளலாம்.

பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றி, ஈரம் போனதும் களிம்பு. ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள புண்ணுக்கு ஒரு பச்சைப்பயறு அளவு போதும், மெல்லிய படலமாகச் சுற்றுத் தோலிலும் கொஞ்சம் படும்படி தடவினால் சரி. டியூபின் வாய் புண்ணில் படக் கூடாது. மேலே காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டு. பயன்படுத்திய துண்டுகளை ஒரு பையில் போட்டு முடிந்து குப்பையில் சேர்க்க வேண்டும். கடைசியாக மறுபடி கை கழுவல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள் விழுது, சாம்பல், சாணம் எதுவும் புண்ணில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். மருந்துப் பொடி தூவுவதும் உதவாது. கசியும் நீரோடு சேர்ந்து கட்டியாகி இன்னொரு மூடியாகிவிடும்.

அக்டோபர் 30

முன்பே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டியூப் ஒன்றை அம்மா எடுத்து வந்தார். "படைக்கும் புண்ணுக்கும் ஒரே மருந்துன்னு குடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லா கேட்டுச்சு சிஸ்டர், அப்புறம்தான் அதிகமாச்சு."

அட்டையைத் திருப்பிப் பார்த்தால் குளோபிடசோல், அதோடு ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக். குளோபிடசோல் வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்கும், அதனால்தான் குணமாவதுபோலத் தெரிகிறது. ஆனால் கிருமியை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அடக்குவதால், அந்த அமைதிக்கு அடியில் தொற்று பரவுகிறது. பெட்டியில் பொடி எழுத்தில் குளோபிடசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று எது இருந்தாலும் சீழ்ப்புண்ணில் அதைத் தொடவே கூடாது. இந்தக் கலவை டியூப்கள் மருந்துச்சீட்டு இல்லாமல் இவ்வளவு எளிதாகக் கிடைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அக்டோபர் 31

பையனின் மூன்று வயதுத் தங்கைக்கு இன்று மூக்குக்குக் கீழே ஒரு சிறு மஞ்சள் பொருக்கு. இருவரும் ஒரே பாயில் படுக்கிறார்கள், ஒரே துண்டால் துடைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கும் அதே ஊறவைத்தல், அதே களிம்பு.

வீட்டில் மாற்றவேண்டியது அதிகமில்லை. இருவருக்கும் தனித்தனித் துண்டு. துண்டு, தலையணை உறை, போர்வை எல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வேண்டும். மழை விடாத நாளில் துண்டையும் உறையையுமாவது இஸ்திரி போட்டுவிடலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், நகவெட்டியைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவருக்கு.

கை கழுவ எந்தச் சோப்பும் போதும். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் சோப்புக் கொடுத்துக் கை கழுவப் பழக்கிய ஆய்வு 2005-இல் வெளியானது. அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு இம்பெடிகோ 34 சதவீதம் குறைவாக வந்தது. சாதாரணச் சோப்பும் கிருமிநாசினிச் சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன. விலை கூடிய சோப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னொரு துண்டு வாங்கலாம்.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எப்போது அனுப்புவது? ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கழிந்து, புண்கள் முழுதாக மூடிக் கட்டியிருந்தால் அனுப்பலாம். பையன் அந்த நேரத்தைக் கடந்துவிட்டான், கட்டோடு போகலாம். தங்கையின் மூக்குப் புண்ணைக் கட்ட முடியாது. அது காயும்வரை அவள் வீட்டில் இருப்பதே நல்லது.

நவம்பர் 2

நான்கு புண்களில் கசிவு நின்று இளஞ்சிவப்பாக மேல்தோல் வந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலிருந்த ஐந்தாவது ஏமாற்றுகிறது. வெளியே கருத்துத் தடித்த பொருக்கு, ஊறவைத்து எடுத்தால் அடியில் பள்ளம், ஓரம் வெட்டி எடுத்ததுபோல் நிற்கிறது. மற்றவை மேல்தோலோடு நின்றவை. இது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. எக்தைமா என்பார்கள். தழும்பு விடாமல் ஆறாது, களிம்பு மட்டும் போதாது.

டாக்டர் செஃபலெக்சின் சிரப் தொடங்கினார். பென்சிலினோ வேறு ஆன்டிபயாடிக்கோ ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று முதலில் கேட்டறிந்தார். பையனின் எடை 18 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், ஒரு வேளைக்கு 5 மில்லி, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். இந்தக் கணக்கு இவன் எடைக்கு. தங்கைக்கு இதே பாட்டிலிலிருந்து ஊற்றக் கூடாது.

பாட்டிலில் பொடியாக வரும் மருந்தைக் கொதித்து ஆறிய தண்ணீரால் கோடுவரை கலக்க வேண்டும். பொடி நுரைத்து நிற்கும்போது கோடு தொட்டதுபோலத் தெரியும், குலுக்கினால் மட்டம் இறங்கும். அப்போது மீண்டும் கோடுவரை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கெட்டியாகி அளவு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் குலுக்கி, கூட வரும் அளவுமூடியில் ஊற்றுங்கள். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

நவம்பர் 4

புண் ஆறுகிறது, ஆனால் புதுக் கடிகள் வந்தபடி இருக்கின்றன. யார் கடிக்கிறார்கள் என்று பார்க்காமல் இது முடியாது. கொசுக்கடி திறந்திருக்கும் இடமெங்கும் சிதறிக் கிடக்கும். இவனுக்குக் கணுக்காலைச் சுற்றியே கூட்டமாக இருக்கிறது, நடுவில் ஊசிமுனைப் புள்ளி. அது தெள்ளுப்பூச்சியின் வேலை. திண்ணையில் நாய் படுக்கும் சாக்கின்மேல் உட்கார்ந்துதான் விளையாடுகிறானாம். சாக்கை எரித்துவிட்டு, திண்ணை இடுக்குகளைக் கூட்டிக் கழுவச் சொன்னோம். நாய்க்குத் தெள்ளு மருந்து கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும்.

புதிதாகக் கடித்த இடத்தில் குளிர்ந்த தண்ணீர்த் துணியைப் பத்து நிமிடம் வைத்து, பிறகு காலமைன் தடவலாம். புண்ணானதில் காலமைன் வேண்டாம். தூக்கத்தில் சொறிகிறான் என்பதால் அரிப்பை அடக்க இரவுக்குச் செட்டிரிசின் எழுதியிருக்கிறார் டாக்டர். அதோடு முழுக்கால் பேன்ட், கொசுவலை.

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பு எல்லாம் பார்த்தோம். அங்கே பொரிகள் இருந்து, இரவில் வீட்டோடு எல்லோரும் சொறிந்தால் அது ஸ்கேபிஸ், தோலுக்குள் துளைக்கும் சிற்றுண்ணியால் வரும் சிரங்கு. அதை விட்டுவிட்டு மேலிருக்கும் சீழை மட்டும் ஆற்றினால் சில வாரத்தில் திரும்ப வரும். இந்த வீட்டில் இல்லை.

நவம்பர் 5

வேறொரு குழந்தை. அக்குளில் ஒரே ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், வலியோ அரிப்போ இல்லை, நான்கு நாளாகக் காய்ச்சல். இதைப் புண் என்று களிம்பு கொடுத்து அனுப்பக் கூடாது. இது சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம், தமிழ்நாட்டில் மழையும் பனியும் சேரும் மாதங்களில் அதிகம் வருவது. செஃபலெக்சினும் முபிரோசினும் அதற்குக் கேட்காது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 9

சிரப் முடிந்தது. பள்ளம் தூர்ந்து வருகிறது, நெறியும் கரைந்துவிட்டது. தங்கைக்குச் சுத்தமாகிவிட்டது. ஆறிய இடங்களில் இருக்கும் கருமை மங்க மாதக்கணக்கில் ஆகும், அதற்கென்று கிரீம் தேட வேண்டாம்.

ஒரு கண்காணிப்பு பாக்கி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சேர்ந்த தோல் புண்ணுக்கு 3 முதல் 6 வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி வரும். புண் ஆறி மறந்துபோன பிறகு வருவதால் யாரும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. காலையில் எழும்போது கண் இமையும் முகமும் வீங்கியிருப்பது, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போவது, அளவு குறைவது, தலைவலி. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வர வேண்டும். ஆன்டிபயாடிக் முழுதாகக் கொடுத்ததால் இது வராது என்று சொல்ல முடியாது. முதல் புண் அக்டோபர் 21 வாக்கில் என்பதால், நவம்பர் 11 முதல் டிசம்பர் 2 வரை தினம் காலையில் முகத்தையும், முடிந்தபோது சிறுநீரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

டிசம்பர் 3

பையனுக்கு முகவீக்கம் இல்லை. இரத்த அழுத்தம் வயதுக்குச் சரி, சிறுநீரில் புரதமும் இரத்தமும் இல்லை. கணுக்காலில் சிறு குழித் தழும்பு நிற்கிறது. காலில் புதுக் கடி இரண்டு, இரண்டும் சொறியப்படவில்லை.