வாடகைக்கு முன் லைசென்ஸ் கணக்கு

டேட்டாபேஸ் சர்வர்களைக் கிளவுடுக்கு மாற்றும் வேலை வந்தால், மெஷின் வாடகையைப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது இதைத்தான்: லைசென்ஸ் எப்போது வாங்கினீர்கள், அதற்கு மேல் மைக்ரோசாஃப்டிடம் தனியாக வாங்கும் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறதா? மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் எண்டர்பிரைஸ் ஓடும் இடத்தில் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லைசென்ஸ்தான்.

ஓர் உற்பத்தி நிறுவனத்துக்கு அமேசான் கிளவுடில் ஆறு r5.4xlarge மெஷின்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றிலும் 16 விசிபியு, 128 ஜிபி மெமரி. பகிர்ந்த ஹார்டுவேரில் சொந்த லைசென்ஸைக் கொண்டுபோக அஷ்யூரன்ஸ் கட்டாயம். ஒரு விசிபியுவுக்கு ஒரு கோர் லைசென்ஸ் வேண்டும். ஆக, 96. ஆனால் இங்கே விசிபியு என்பது முழு கோர் இல்லை, அதில் ஓடும் ஒரு த்ரெட். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட்.

அந்த டேட்டாபேஸ்களுக்கு மெமரிதான் முக்கியம், சிபியு அதிகம் வேண்டாம். அதனால் மெஷினைத் தொடங்கும்போதே ஹைப்பர்த்ரெடிங்கை அணைக்கலாம்:

```
--cpu-options "CoreCount=8,ThreadsPerCore=1"
```

வாடகை ஒரு பைசாகூடக் குறையாது, மெமரியும் அப்படியே இருக்கும். லைசென்ஸ் மட்டும் 96-இலிருந்து 48 ஆகிவிடும். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடும் நேரத்து சிபியு அளவைப் பார்க்காமல் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

இன்னொரு வழி டெடிகேட்டட் ஹோஸ்ட், அதாவது ஒரு முழு சர்வரையே நமக்கென்று வாடகைக்கு எடுப்பது. r5 ஹோஸ்டில் 48 கோர்கள் உண்டு. அவை அத்தனைக்கும் லைசென்ஸ் போட்டுவிட்டால் ஆறு மெஷின்களும் எல்லா த்ரெட்களோடும் அதில் ஓடும். அதே 48 லைசென்ஸ், ஆனால் வேகத்தில் குறை வைக்க வேண்டாம். த்ரெட்களை அணைக்காத கணக்கில் மூன்று மெஷின்களுக்கே 48 ஆகிவிடுகிறது. நான்காவதிலிருந்து லைசென்ஸில் மிச்சம் பிடிக்கலாம். இரண்டே மெஷின்தான் என்றால் ஹோஸ்ட் வேண்டாம் என்றே சொல்வேன். பாதி காலியாகக் கிடந்தாலும் ஹோஸ்டின் முழு வாடகையையும் கட்டியாக வேண்டும்.

இங்கேதான் வாங்கிய தேதி குறுக்கே வருகிறது. மைக்ரோசாஃப்ட் விதியை மாற்றிய 2019 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய லைசென்ஸ்களையே ஹோஸ்டில் கோர் கணக்கில் போட நம்பிக் கொண்டுபோகலாம். விண்டோஸ் சர்வரிலும் இதே கதைதான்: 2019 பதிப்பு வரை பழைய லைசென்ஸை எடுத்துப் போகலாம், 2022 பதிப்புக்கு முடியாது. அதற்கு அமேசானிடமே மணிக்கணக்கில் வாங்க வேண்டியதுதான்.

ஹோஸ்டுக்குப் போனவர்கள் பலர் கோட்டைவிடுவது, மெஷினை ஒரே ஹோஸ்டோடு கட்டிப்போடும் அஃபினிட்டி அமைப்பை. அமேசான் கணக்கில் இரண்டு ஹோஸ்ட் இருந்து, அஃபினிட்டியை `host` என்று வைக்காமல் விட்டால், நிறுத்தித் தொடங்கும் மெஷின் மற்றொன்றில் போய் உட்காரலாம். அந்த இரண்டாவது ஹோஸ்டுக்கு லைசென்ஸ் இருக்காது. அஷ்யூரன்ஸ் நடப்பில் இல்லையென்றால், ஒரு சர்வருக்கு ஒதுக்கிய லைசென்ஸை, ஹார்டுவேர் நிரந்தரமாகப் பழுதானால் ஒழிய, 90 நாளுக்குள் வேறொன்றுக்கு மாற்றவும் முடியாது. டேட்டாபேஸ் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆடிட் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதனால் பேட்ச் போட்டு முடித்த ஒவ்வொரு முறையும், எந்த மெஷின் எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்று `describe-hosts` கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.