வீட்டுப்பாடம் வராதவரை லாபம்: ஒரு பயிற்சிக்குக் கட்டணம் வைத்த கதை

பிழைதிருத்தமும் செம்மையாக்கமும் கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சி ஒன்றை நடத்துகிறேன். முதலில் 24 பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்து, ஒரே முறை கட்டணம் செலுத்தினால் போதும் என்று அறிவித்தேன். அந்தக் கட்டணத்தை இங்கே 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற தொகைகளையும் அந்த அளவிலேயே சொல்கிறேன்.

பாடங்களோடு 5 பயிற்சிகள் உண்டு. மாணவர் ஒரு பக்கத்தைத் திருத்தி அனுப்புவார். நான் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் ஆகும். எந்த அவசரத்திலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியவில்லை. காற்புள்ளியை எடுத்தது ஏன் தவறு என்று விளக்காமல் வெறுமனே வட்டமிட்டு அனுப்பினால் மாணவருக்கு அதில் பயனில்லை.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயிற்று. சேர்ந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் பயிற்சி அனுப்பினார்கள். ஒரு நாள் காலை அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது பதினோரு பயிற்சிகள் ஒன்றாகக் காத்திருந்தன. என் மனத்தில் முதலில் எழுந்தது சலிப்பு. கற்றுக்கொள்ள வந்தவர்கள் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள், எனக்கோ சலிப்பாக இருக்கிறது என்பது அன்று முழுவதும் என்னை உறுத்தியது. மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர் சேர்ந்தால் வரவு 1000. மூன்று பேர் நான்கு நான்கு பயிற்சி அனுப்பினால் என் உழைப்பு 4 மணி நேரம், மணிக்கு 250. பத்துப் பேரும் ஐந்தையும் முடித்தால் கிட்டத்தட்ட 17 மணி நேரம்; மணிக்கு 60தான் தேறும். மாணவர்கள் பாதியில் விட்டால் எனக்கு லாபம், ஒழுங்காகப் படித்தால் நட்டம் என்றாகிவிட்டது. ஒருமுறைக் கட்டணத்தில் தவறு இல்லை. பதிவு செய்த பாடத்துக்கு அது மிகவும் பொருத்தமானது. அதை எத்தனை பேர் பார்த்தாலும் என் உழைப்பு கூடுவதில்லை. ஆளுக்கு ஆள் கூடிக்கொண்டே போகும் உழைப்பையும் அதே விலைக்குள் அடக்கியதுதான் என் தவறு.

இரண்டையும் பிரித்தேன். பதிவுப் பாடங்கள் மட்டும் வேண்டுவோருக்கு ஒருமுறைக் கட்டணம் 100. அதில் திருத்தம் கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். திருத்தம் வேண்டுவோருக்கு ஆறு வாரக் குழு வகுப்பு, ஒரு பேட்சுக்கு 20 பேர். அதன் விலையை மணிக்கணக்கிலிருந்து தொடங்கினேன். 20 பேரின் 100 பயிற்சிகளுக்கு 33 மணி, ஆறு நேரடி வகுப்புகளுக்கு 9 மணி, அவற்றுக்கான தயாரிப்புக்கு 9 மணி, சேர்க்கைக்கும் கடிதங்களுக்கும் 15 மணி. மொத்தம் 66 மணி. மணிக்கு 100 என்றால் 6600. இணையத்தில் பணத்தை வாங்கித் தரும் கட்டண நுழைவாயிலின் பிடித்தம், பணம் திரும்பக் கேட்பவர்கள், நிரம்பாத இடங்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஆளுக்கு 400 என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு பேர் வந்தால் மணிக்கு 90 கிடைக்கும், தாங்கலாம். எட்டுப் பேர் என்றால் 70க்குக் கீழே போய்விடும். வகுப்பில் கலந்துரையாடலும் படுத்துவிடும். ஆகவே பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அந்த பேட்சைத் தள்ளிவைப்போம், விரும்புவோருக்கு முழுப் பணமும் திரும்பும் என்று சேர்க்கைப் பக்கத்திலேயே போட்டேன். முன்பே 100 கட்டியவர் குழு வகுப்புக்கு வர விரும்பினால் 300 மட்டும் கட்டினால் போதும். ஒரே பாடத்துக்கு இருமுறை பணம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைத் திருப்பித் தரும் விதிகளில்தான் அதிகம் தடுமாறினேன். பதிவுப் பாடத்துக்கு முதலில் 30 நாள், காரணமே கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தேன். ஒருவர் நான்கே நாளில் 24 பாடங்களையும் பார்த்து, பயிற்சித் தாள்களையும் இறக்கிக்கொண்டு, 29ஆம் நாள் பணத்தைக் கேட்டார். சொன்ன சொல்லுக்காகக் கொடுத்துவிட்டேன். நுழைவாயில் முதலில் பிடித்த தொகை எனக்குத் திரும்பவில்லை. பல நுழைவாயில்களின் வழக்கமும் அதுதான். இப்போது 14 நாள், ஆறு பாடங்களுக்கு மேல் பார்த்திருக்கக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன். பாடம் தனக்கு ஒத்துவருமா என்று கண்டுகொள்ள ஆறு பாடங்கள் போதும். வாங்குபவரின் நாட்டுச் சட்டம் இதைவிட அதிக உரிமை தந்தால் அதுதான் செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் வாங்கியவற்றிலிருந்து பொதுவாக 14 நாளுக்குள் விலகலாம். உடனே பார்க்கத் தொடங்க வெளிப்படையாகச் சம்மதித்து, அதனால் விலகும் உரிமை போகும் என்பதையும் வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருந்தால்தான் பதிவுப் பாடத்துக்கு விலக்கு.

குழு வகுப்பில் பிரச்சினை வேறு. அங்கே நான் விற்பது ஓர் இடம். வகுப்பு தொடங்கிவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்கும் தர முடியாது. இதை நினைத்துத்தான் முதல் பேட்சுக்கு, தொடங்கிய பிறகு பணம் திரும்பாது என்று ஒரே வரியில் முடித்தேன். மூன்றாம் வாரம் ஒரு மாணவியின் கடிதம் வந்தது. "மேடம், அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இனி வகுப்புக்கு வர முடியாது. விதி எனக்குத் தெரியும், தகவலுக்காக எழுதுகிறேன்." அவர் பணமே கேட்கவில்லை. அந்த விதியை மேற்கோள் காட்டிப் பதில் எழுத என்னால் முடியவில்லை. அடுத்த பேட்சில் இடம் தருகிறேன் என்று எழுதினேன்.

பிறகு விதியைத் திருத்தி எழுதினேன். தொடங்க 7 நாள் இருக்கும்வரை முழுப் பணமும் திரும்பும், ஏனென்றால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரை அதற்குள் அழைத்துவிடலாம். அதன்பின் இரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் வரை, நான்கில் ஒரு பங்கு போக மீதி திரும்பும். முதல் வகுப்பு அறிமுகத்திலேயே கழிந்துவிடும். இரண்டாவதில்தான் மாணவருக்குத் தன் திருத்திய பக்கம் கைக்கு வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று அவரால் சொல்ல முடியும். அதற்குப் பிறகு பணம் இல்லை. உடல்நலம், குடும்ப நெருக்கடி என்றால் அடுத்த இரண்டு பேட்சுகளில் ஒன்றுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். சான்றிதழ் கேட்பதில்லை.

இப்படி பேட்ச் மாற விடுவதில் ஒரு ஆபத்து உண்டு. மூன்றாவது பேட்சில் நான்கு பேர் முன்பு கட்டிய பணத்தில் வந்து அமர்ந்தார்கள். வகுப்பு நிரம்பியிருந்தது, வரவோ பதினாறு பேருடையது. பழைய பணம் எப்போதோ செலவாகியிருந்தது. இப்போது மாறி வருபவர்களுக்கு ஒரு பேட்சில் இரண்டு இடங்களுக்கு மேல் ஒதுக்குவதில்லை. மூன்றாவதாக வருபவர் அதற்கடுத்த பேட்சுக்குப் போவார். வரவையும் இரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் வரை தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். அதுவரை அது என் பணம் இல்லை. திருப்பித் தர வேண்டியதை மூன்று வேலை நாளுக்குள் அனுப்பிவிடுகிறேன். தாமதித்தால் மாணவர் நேரே தன் வங்கியிடம் போய், அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுத்தரச் சொல்லி முறையிடலாம். அப்படி ஒரு முறையீடு வந்தால் பணமும் போகலாம், பல நுழைவாயில்கள் தனியே அபராதமும் பிடிக்கும்.

இப்போது நடக்கும் பேட்சில் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு. அவருடைய இடத்துக்கு மறுநாளே ஆள் வந்தார். இன்னொருவர் இரண்டாம் வகுப்பு முடிந்த இரவில், தன் வேலைக்கு இந்த அளவு நுணுக்கம் தேவைப்படவில்லை என்று எழுதினார். நான்கில் மூன்று பங்கை மறுநாள் காலையில் அனுப்பினேன். மீதிப் பத்தொன்பது பேரின் ஐந்தாவது பயிற்சிகள் நேற்று வந்து சேர்ந்தன. ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இம்முறை முதல் பக்கத்தைத் திறந்தபோது சலிப்பு வரவில்லை.